அவள் எழுதாத ‘ஆல்டர்’

மொழிபெயர்ப்பு நிலையத்தில் அவளுக்குக் ‘கமா’ என்று பெயர். ஒரு காற்புள்ளிக்காக ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டவள் என்று யாரோ வைத்த பட்டம், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. முதலாளிகூட ‘கமாவைக் கூப்பிடு’ என்றுதான் சொல்வார். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. வேலையில் கறார் என்பதற்குக் கிடைத்த சான்றிதழாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்று அவள் போயிருந்தது மருத்துவமனை விசாரணைக்கு. இரண்டாம் மாடியில், குளிர்ச்சாதனம் பல்லைக் கிட்ட வைக்கும் ஒரு கூட்ட அறை. நீள மேசையின் ஒரு பக்கம் விசாரணைத் தலைவர், மருத்துவமனை வக்கீல், தட்டச்சு செய்யும் பெண். எதிர்ப்பக்கம் ஒரு நர்ஸ், அவருடைய சங்கத்துக்காரர், நடுவில் கமா. விசாரணை முழுக்க ஆங்கிலத்தில். நர்ஸுக்கு வார்டில் ஓடியாடிப் பேசுகிற ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் வேலையே போகுமா என்று நடுங்கிக்கொண்டு பேசுகிற ஆங்கிலம் வேறு. அதனால் தமிழில் பேச அனுமதி கேட்டிருந்தார். வாக்குமூலத்தையும் தமிழில்தான் கொடுத்திருந்தார். அதை ஆங்கிலமாக்கி, ‘மூலத்துக்கு உண்மையானது’ என்று கையெழுத்துப் போட்டவளும் கமாதான்.

விஷயம் இதுதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு, டாக்டர் மாலையில் போன் செய்து அளவைக் கூட்டச் சொன்னார். நர்ஸ் சார்ட்டில் பழைய அளவின் மேல் ஒற்றைக் கோடு இழுத்துப் புதிய அளவை எழுதினார். மறுநாள் காலை பெரியவர் கட்டிலை விட்டு எழுந்தபோது தலைசுற்றி விழுந்தார். இடுப்பில் அடி. குடும்பத்தார் சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், கோடு கண்ணில் பட்டது. விழுந்த பிறகு நர்ஸ் இதை எழுதியிருக்கிறார் என்று புகார் கொடுத்தார்கள். டாக்டர் போன் செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டார். எனவே மிச்சமிருந்த கேள்வி ஒன்றே ஒன்று: அந்தப் புதிய அளவு சார்ட்டில் ஏறியது எப்போது, பெரியவர் விழுவதற்கு முன்னாலா, பின்னாலா?

தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆங்கில வாக்குமூலத்திலிருந்து ஒரு வரியை வாசித்தார். டோஸை ‘ஆல்டர்’ செய்தேன், சார்ட்டை ‘ஆல்டர்’ செய்தேன் என்று அதில் இருந்தது. வாசித்துவிட்டு நர்ஸைப் பார்த்து, சார்ட்டை ஆல்டர் செய்தீர்களா என்று கேட்டார்.

கமாவின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“சார்ட்டை மாத்தினீங்களா?”

நர்ஸ் தயங்கவே இல்லை. “ஆமா. மாத்தி எழுதினேன்.”

“யெஸ்,” என்று கமா ஆங்கிலத்தில் சொன்னாள். “மாற்றி எழுதினேன்” என்பதைச் சொல்ல அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள், தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடி முடித்திருந்தன. மருத்துவமனை வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆல்டரா? தான் அப்படி எழுதவே இல்லையே. டோஸுக்கு ‘மாடிஃபை’ போட்டிருந்தாள், டாக்டர் சொல்லி அளவை முறைப்படி மாற்றுவதற்கு மருத்துவத்தில் புழங்குகிற சொல் அது. சார்ட்டுக்கு ‘புதிய அளவைப் பதிந்தேன்’ என்று நீட்டி எழுதியிருந்தாள், வேண்டுமென்றேதான். ஏனென்றால் ஆங்கிலத்தில் துணியை ஆல்டர் செய்தால் அது தையல்கடை. பதிவேட்டை, சாட்சியத்தை, காசோலையை ஆல்டர் செய்தார்கள் என்றால் அது கைவரிசை. கேட்கிறவன் அடுத்து கேட்கும் கேள்வியே ‘எதை மறைக்க?’ என்பதாகத்தான் இருக்கும்.

அவள் கையை உயர்த்தி, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு விளக்கம் தர அனுமதி கேட்டாள். அந்தச் சொல் மூலத்தில் இல்லை என்றாள். தலைவர் அவளை ஒருமுறை பார்த்தார். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்றார். அவளுடையதுதான். அப்படியானால் நீங்கள் இங்கே வந்தது பேசுகிறதை மொழிமாற்றிச் சொல்லத்தானே தவிர சாட்சி சொல்ல அல்ல என்று முடித்துவிட்டார்.

சங்கத்துக்காரர் எழுந்து ஆட்சேபித்தார். பலன் ஒன்றுமில்லை. அடுத்த அமர்வு வரை நர்ஸ் பணியிடை நீக்கம் என்று அறிவித்தார்கள். நர்ஸுக்கு அந்த முடிவையும் கமாதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். நர்ஸ் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தார்.

“நான் உண்மையத்தானே சொன்னேன்?” என்றார்.

வராந்தாவில் சங்கத்துக்காரர் பேசிக்கொண்டே நடந்தார். கமாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் பேருந்து பிடித்து நேரே நிலையத்துக்குப் போனாள்.

நிலையம் என்பது ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் மொழிபெயர்ப்பாளர்கள், உள்ளறையில் முதலாளி. சன்னலோரம் சரிபார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றையும் கோடு போட்டு நேராக்கப் பார்ப்பவர் என்பதால் அவருக்கு ‘ரூல்தடி’ என்று பெயர். கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பதுபோல் மற்றவர்களின் வாக்கியங்களைச் சீவுவார்.

நர்ஸின் வாக்குமூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னாள் கமா. அவர் திறந்தார். அவள் அனுப்பிய பிரதியில் மாடிஃபையும் ‘பதிந்தேன்’ என்பதும் அப்படியே இருந்தன. வெளியே போன பிரதியில் இரண்டு இடத்திலும் ஆல்டர் இருந்தது. இது யார் வேலை என்று கேட்டபோது அவர் சற்றும் கூசாமல், புதுச் சொற்பட்டியல் பண்ணின வேலை என்றார். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல் என்று முதலாளி முடிவெடுத்திருந்தாராம். மூலத்தில் ‘மாற்று’ வருகிற இடத்திலெல்லாம் மென்பொருள் தானாக ஆல்டர் போட்டுவிடுமாம். கையெழுத்து வாங்கிய கோப்புகளையும் அதில் ஒரு ஓட்டு ஓட்டித்தான் அனுப்புகிறார்களாம்.

“கையெழுத்துக்கு அப்புறமா?”

“சீரா இருக்கணும்ல. ஒரு எடத்துல கன்வர்ட், ஒரு எடத்துல மாடிஃபைன்னு இருந்தா வாடிக்கையாளருக்குக் குழப்பம்னு முதலாளி சொன்னாரு.”

அவள் அவர் திரையிலேயே மற்ற கோப்புகளைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நாடகக் குழுவின் அறிவிப்பு: புகழ்பெற்ற நாவலை மேடைக்கு ‘ஆல்டர்’ செய்திருக்கிறார்கள். கதையை மேடைக்கேற்பத் தழுவினால் அது ‘அடாப்ட்’. ஆல்டர் என்றால் நாவலாசிரியரின் அனுமதியில்லாமல் எவனோ பக்கங்களில் கை வைத்தது போலிருக்கிறது. ஒரு நகராட்சி அறிக்கை: பாழடைந்த ஆற்றங்கரை மக்கள் கூடும் பூங்காவாக முற்றிலும் உருமாறியதை ‘ஆல்டர்’ என்று ஒரு சின்னத் தட்டலில் முடித்திருந்தது. பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறினால்தான் ‘டிரான்ஸ்ஃபார்ம்’. அது வேண்டிய இடத்தில் ஆல்டர் போட்டால், பாதி வேலிக்கம்பியை நகர்த்தி வைத்ததற்கு மேயர் நாடா வெட்டினார் என்றாகிவிடும். கடைசியாக ஒரு நாணய மாற்று நிறுவனத்தின் விளம்பரம். உங்கள் பணத்தை ‘ஆல்டர்’ செய்து தருகிறோம் என்றது.

“கள்ள நோட்டு அடிக்கிறாங்களாமா?” என்று முன்னறையில் யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ரூல்தடியும் சிரித்துவிட்டுத் தாமதமாக நிறுத்தினார்.

கமா சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். நடந்ததையும் நர்ஸின் பணியிடை நீக்கத்தையும் அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்து ஆல்டர் என்ற இடத்தில் விரல் வைத்தார். மாற்று, மாறுபடுத்து என்று போட்டிருந்தது. இதில் தப்பு எங்கே என்று கேட்டார்.

“அகராதி அர்த்தம் சொல்லும். எதுகூடச் சேரும்னு சொல்றதுக்கு நாம இருக்கோம். அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்,” என்றாள். “இது வெறும் சொல் பிரச்சினை இல்ல சார். அந்தம்மா வாயில நான் ஒரு குத்தத்தை ஒப்புக்க வச்சிருக்கேன். அவங்களுக்கே தெரியாம.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருத்துவமனை நமக்குப் பெரிய வாடிக்கையாளர் என்றார். நம் மொழிபெயர்ப்பில் பிழை என்று நாமே போய்ச் சொன்னால், இதுவரை நாம் அனுப்பிய அத்தனையிலும் பிழை என்று வேறு யாரோ கிளம்புவார்கள் என்றார். அடுத்த கோப்பிலிருந்து பட்டியலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார்.

அவர் கிளம்பச் சொல்வதுபோலத் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அவள் நின்றாள்.

“சார், அதுல என் கையெழுத்து இருக்கு.”

“உங்க கையெழுத்துதான். நிலையத்தோட முத்திரையும் இருக்கு.”

“அப்ப நான் போடாத சொல்லுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்னு ஆகுது.”

அவர் பதிலுக்குத் தலையை ஆட்டினார், ஆமாம் என்றோ போகலாம் என்றோ தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் கட்டட வரைபடம் வரைபவர். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் தட்டைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் அவ்வப்போது ரசத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தார். பேச்சு நின்ற ஓர் இடத்தில், போன மாதம் தான் ஒரு கார் நிறுத்தும் கொட்டகையைப் படுக்கையறையாக்கிய கதையைச் சொன்னார். அதைக் கன்வர்ட் என்றுதான் வரைபடத்தில் எழுதுவார்களாம், ஏனென்றால் பயன்பாடே மாறிவிடுகிறது. ஒரு சுவரைக் கொஞ்சம் நகர்த்தினால் மட்டும்தான் ஆல்ட்ரேஷன்.

“கன்வர்ட்டுக்குத் தனி அனுமதி வாங்கணும். சொல்லை மாத்திப் போட்டா அந்தக் கட்டடமே சட்டவிரோதம் ஆயிடும். எங்க ஆபீஸ்ல யாரும் இதை ஒரே வார்த்தையா ஆக்கலாம்னு நினைச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க,” என்றார்.

“ஒரு சுவருக்கு இருக்கிற மரியாதைகூட அந்தம்மாவுக்கு இல்லை,” என்றாள் அவள்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவள் கைபேசியில் சங்கத்துக்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது அமர்வுக்கு அவள் நிலையத்தின் சார்பில் போகவில்லை. சங்கத்தின் சாட்சியாகப் போனாள். நிலையத்துக்கு ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருந்தாள்: இந்த வாக்குமூலத்தின் ஆங்கிலப் பிரதி என் பிரதி அல்ல, என் கையெழுத்தை அதிலிருந்து திரும்பப் பெறுகிறேன். நர்ஸுக்கு மொழிபெயர்க்க வேறு ஒருவர் வந்திருந்தார், அமைதியான ஓர் இளைஞர். அதே அறை, அதே குளிர்.

மருத்துவமனை வக்கீல் மரியாதையாகவே ஆரம்பித்தார். ஆல்டர் என்பதற்குத் தமிழில் மாற்று என்று பொருள் வராதா? வரும் என்றாள். நர்ஸ் மாற்றினேன் என்று சொல்லவில்லையா? சொன்னார் என்றாள். அப்படியானால் மொழிபெயர்ப்பு தவறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவர் இதைக் கேட்டுவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவரின் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சலிப்பு இருந்தது.

அவளுக்கு வந்த கோபத்தில் குரல் ஏறியிருக்கலாம். ஏறவில்லை, தணிந்தது. தான் ஒரு கேள்வி கேட்கலாமா என்று தலைவரிடம் கேட்டாள். அவர் தோளை அசைத்தார்.

“உங்க கோட்டு சூட்டை டெய்லர் ஆல்டர் பண்ணினார்னு யாராவது சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தையலைக் கொஞ்சம் பிடித்துக்கொடுத்திருப்பார் என்றார் அவர்.

“உங்க கணக்கர் கணக்கை ஆல்டர் பண்ணினார்னு சொன்னா?”

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். தட்டச்சுப் பெண் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

“வினை ஒண்ணுதான்,” என்றாள் கமா. “எந்தப் பெயர்ச்சொல்லோட சேருதுங்கறது அர்த்தத்தைப் புரட்டிப் போட்டுடும். மருத்துவர் சிகிச்சையை மாடிஃபை பண்ணினார்னு சொல்றோம். ஒருத்தர் மதம் கன்வர்ட் ஆனார்னு சொல்றோம். கதையை அடாப்ட் பண்றாங்க, ஊர் டிரான்ஸ்ஃபார்ம் ஆயிடுது. தமிழ்ல இது அஞ்சுக்கும் மாத்து, மாறு வச்சே பேசிடலாம். அதனால நீங்க ஆங்கிலத்துல கேட்ட கேள்வி தமிழ்ல வேற கேள்வியா போச்சு. பொய்யா எழுதினீங்களான்னு நீங்க கேட்டீங்க. புது அளவை எழுதினீங்களான்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. உண்மையா பதில் சொன்னாங்க. நீங்க அதைக் குத்தமா எழுதிக்கிட்டீங்க.”

மருத்துவமனை வக்கீல் இதெல்லாம் நுணுக்கம், இலக்கண வகுப்பு என்றார். அடுத்த வரியையும் படியுங்கள் என்று கமா சொல்லப் போனாள். தலைவர் கையமர்த்தினார். நர்ஸிடம் மறுபடியும் கேட்கலாம் என்றார், இம்முறை அந்தச் சொல் இல்லாமல். புதிய அளவை எப்போது எழுதினீர்கள்?

இளைஞர் மொழிபெயர்த்தார். நர்ஸ் பதில் சொல்லும்போது குரல் உடையவில்லை. அது கோபத்தின் குரல்.

“டாக்டர் போன்ல சொல்லச் சொல்ல எழுதினேன். போன் வைக்கறதுக்கு முன்னாடியே திருப்பிப் படிச்சுக் காட்டினேன். பக்கத்துல இருந்த சிஸ்டர் இன்னொரு போன்ல கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்களும் பக்கத்துல கையெழுத்துப் போட்டாங்க. போன்ல ஆர்டர் வந்தா ரெண்டு பேர் கேக்கணும்னு நம்ம விதி. இதை நான் வாக்குமூலத்துலயே சொன்னேனே. நீங்க படிக்கலையா?”

வாக்குமூலத்தின் அடுத்த வரியில் அது இருந்தது. ஆல்டரோடு நின்றுவிட்டவர்கள் அடுத்த வரிக்கு வரவில்லை. தலைவர் சார்ட்டின் நகலை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். புதிய அளவுக்கு எதிரே இரண்டு கையெழுத்து. நேரமும் எழுதியிருந்தது, முந்தின நாள் மாலை. இத்தனை வாரங்களாக அந்தத் தாள் அந்த மேசையின் மீதே கிடந்திருக்கிறது.

நர்ஸின் பணியிடை நீக்கம் அன்றே விலக்கப்பட்டது. பதிவில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘மொழிபெயர்ப்பில் தெளிவின்மை காரணமாக’ என்று எழுதினார்கள். தெளிவாக இருந்த ஒன்றை யார் குழப்பினார்கள் என்பதைச் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் எழவே இல்லை. வக்கீல் தன் பையில் தாள்களை அடுக்கிக்கொண்டு வேறொரு விசாரணைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

வராந்தாவில் கமா நர்ஸின் அருகே போனாள். நன்றி எதிர்பார்த்துப் போகவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சமாவது எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“அன்னைக்கு நீங்க ‘யெஸ்’னு சொன்னீங்க,” என்றார் நர்ஸ்.

“தெரியும் சிஸ்டர்.”

“அதுக்கப்புறம் என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல கேக்குறாங்க, உங்கம்மா திருட்டுக் கணக்கு எழுதினாளான்னு. எவ்வளவு தூரம் பரவியிருக்கு பாருங்க. நீங்க கையைத் தூக்கினீங்க, அவர் உட்காருன்னாரு, உட்கார்ந்துட்டீங்க.” சற்று நிறுத்தினார். “இன்னைக்குப் பேசினதுக்குச் சரி. ஆனா நான் மனசாரச் சந்தோஷப்படல.”

ஆமாம் என்றாள் கமா. நர்ஸின் வீட்டுக்காரர் படிக்கட்டில் காத்திருந்தார், பேருந்து ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார். நர்ஸ் அவர் பக்கம் போனார். கமா அவர்கள் இறங்கிப் போகும்வரை நின்றுவிட்டு, பிறகு கீழே போனாள்.

நிலையத்தில் அவள் நாற்காலியில் வேறு யாருடைய பையோ இருந்தது. யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. அடுத்த கோப்பு வரவில்லை, அவ்வளவுதான். முதலாளி அவளைக் கண்டதும் கைபேசியில் பேசுவதுபோல் உள்ளே போய்விட்டார். ரூல்தடிதான் எழுந்து வந்தார். பட்டியலில் இருந்து ‘மாற்று’ என்பதை நேற்றே எடுத்துவிட்டதாகச் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“எடுத்தது சரி. ஏற்கெனவே போனதெல்லாம்?” என்றாள்.

“அது முதலாளி பார்த்துக்குவாரு.”

“அவரு பார்க்க மாட்டாரு.”

அவர் அதை மறுக்கவில்லை. பட்டியல் வந்த நாளிலிருந்து வெளியே போன கோப்புகள் எவை என்று கேட்டாள். அவர் கதவுப் பக்கம் பார்த்தார், முதலாளியின் குரல் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு திரையைத் தன் நாற்காலியிலிருந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தான் கையெழுத்துப் போட்டவற்றை மட்டும் அவள் குறித்துக்கொண்டாள். ஒரு விவாகரத்து வழக்கு, ஒரு காப்பீட்டுக் கோரிக்கை, ஒரு பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஒரு தொழிலாளியின் விபத்து அறிக்கை. அந்த விபத்து அறிக்கையில் அந்தத் தொழிலாளி, இயந்திரத்தின் வேகத்தைச் சூப்பர்வைசர் சொல்லி மாற்றினேன் என்று சொல்லியிருந்தார். வெளியே போன பிரதியில் இயந்திரத்தை ஆல்டர் செய்தேன் என்று இருந்தது. அந்த விபத்தில் அவர் இழந்தது இரண்டு விரல்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்து அந்தத் தொழிலாளியின் வக்கீலுக்குப் போன் போட்டாள். கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் எடுத்தவுடன் தன்னை இன்னார் என்று சொன்னாள்.

“நான் ஒரு வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுல என் சொல் இல்ல. உங்க கட்சிக்காரர் சொன்னதும் இல்ல. அதைச் சொல்லத்தான் பேசறேன்.”

மறுமுனையில் ஒரு காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று அந்தக் குரல் கேட்டது. அவள் சொல்ல ஆரம்பித்தாள்.